வியாழன் படத்தில் எந்த அடுக்கைத் தொடுவது: வேவ்லெட் முறைக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவில் வடசேரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து வியாழனைப் படம் எடுக்கிறேன். 6 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி, 2 மடங்கு பார்லோ லென்ஸ், மோட்டார் வைத்த மவுண்ட், ஒரு கலர் கேமரா. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு கிடைத்த நல்ல இரவுகளில் நிறைய வீடியோ எடுத்துவிட்டேன். ஆனால் அவற்றிலிருந்து ஒரு உருப்படியான படம் எடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. கருவியில் குறையில்லை. வேவ்லெட் ஸ்லைடர்களில் எதை இழுப்பது என்று தெரியாமல், முதல் அடுக்கையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேவ்லெட் என்ன செய்கிறது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே படத்தை அது பல அடுக்குகளாகப் பிரிக்கிறது. மிக நுண்ணிய விவரங்கள் முதல் அடுக்கில் இருக்கும். அதைவிட இரு மடங்கு பெரியவை இரண்டாவதில், நான்கு மடங்கு பெரியவை மூன்றாவதில் என்று போகும். கடைசியில் வெறும் மங்கலான படம் ஒன்று மிஞ்சும். எல்லாவற்றையும் அப்படியே கூட்டினால் பழைய படம் திரும்பி வரும். ஏதாவது ஒரு அடுக்கை மட்டும் பெருக்கிவிட்டுக் கூட்டினால், அந்த அளவு விவரம் மட்டும் தூக்கலாகத் தெரியும். குறைத்துவிட்டுக் கூட்டினால் அந்த அளவில் உள்ள நாய்ஸ் அடங்கும். கூராக்குவதும் நாய்ஸைக் குறைப்பதும் இங்கே ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள்.

## 1. கையில் சரியான கோப்பு இருக்கிறதா?

ஸ்டேக் செய்து முடித்த படம், அதாவது வீடியோவின் சிறந்த ஃப்ரேம்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஒரே படமாக்கியது, 16 பிட் TIFF ஆக இருக்க வேண்டும். JPEG வேண்டவே வேண்டாம். JPEG படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. இரண்டாவது, மூன்றாவது அடுக்கைத் தூக்கியதும் அந்தக் கட்டங்கள் ஜன்னல் கம்பி போல வியாழன் மேல் வந்து நிற்கும். நண்பர் வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தை எடுத்துப் பழகிப் பார்ப்பவர்கள் எல்லாரும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

அடுத்து, அந்தக் கோப்பை ஏற்கெனவே யாரும் கூராக்கியிருக்கக் கூடாது. ஆட்டோஸ்டாக்கர்ட்டில் ஸ்டேக் செய்யும்போது Sharpened என்ற பெட்டியில் டிக் இருந்தால், சாதாரணக் கோப்போடு பெயரில் conv என்று வரும் இன்னொரு கோப்பும் உருவாகும். அது ஸ்டேக் எப்படி வந்திருக்கிறது என்று அவசரமாகப் பார்க்க மட்டும்தான். பார்க்கப் பளிச்சென்று இருப்பதால் நான் அதைத்தான் எடுத்து மேலே வேலை செய்தேன். கூராக்கியதை மறுபடி கூராக்கினால் மணல் அள்ளிப் போட்டது போல வரும்.

மூன்றாவது, வெளிச்சம். வீடியோ எடுக்கும்போதே ஹிஸ்டோகிராமின் உச்சி 60, 70 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்குகளைப் பெருக்கும்போது வெளிறிய பட்டைகள் இன்னும் வெளிறும். ஏற்கெனவே 95-ல் இருந்தால் அவை முட்டி நின்று வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

வீடியோவின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. வியாழன் தன்னைத்தானே சுற்ற 10 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகிறது. 2026 ஜனவரி 10-ஆம் தேதி எதிர்நிலையில் அதன் அகலம் 46 விகலைக்கு மேல் இருந்தது. என் கருவியில் ஒரு பிக்சல் கால் விகலை, ஆக வட்டு சுமார் 185 பிக்சல். அப்படியென்றால் வட்டின் நடுவில் இருக்கும் ஒரு புள்ளி நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். இரண்டு நிமிடத்தோடு நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் எடுத்தால் ஃப்ரேம் அதிகமாகும், நாய்ஸ் குறையும், ஆனால் நீங்கள் கூராக்க நினைக்கும் விவரமே இழுபட்டுப் போயிருக்கும்.

## 2. உங்கள் தொலைநோக்கியின் எல்லையைக் கணக்கிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். மற்றவர்களின் ஸ்லைடர் எண்களை நகலெடுத்து நான் ஏமாந்ததற்குக் காரணம் இந்தக் கணக்கைப் போடாததுதான்.

எந்தத் தொலைநோக்கிக்கும் ஒரு எல்லை உண்டு. அதைவிட நெருக்கமாக ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் மாறி மாறி இருந்தால், அந்தத் தொலைநோக்கியால் அவற்றைப் பிரித்துக் காட்டவே முடியாது. வானம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. அந்த எல்லை கேமராவில் எத்தனை பிக்சல் என்று கண்டுபிடிக்க இரண்டே எண்கள் போதும். ஒன்று பார்லோவையும் சேர்த்த f எண், இன்னொன்று கேமராவின் பிக்சல் அளவு மைக்ரானில். 0.55 என்பது பச்சை ஒளியின் அலைநீளம்.

```
எல்லை (பிக்சலில்) = 0.55 × f எண் ÷ பிக்சல் அளவு
0.55 × 16 ÷ 2.9 = 3.03
```

என் தொலைநோக்கி f/8. 2 மடங்கு பார்லோ போட்டால் f/16. கேமரா பிக்சல் 2.9 மைக்ரான். ஆக ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை சேர்ந்த ஜோடி 3 பிக்சலுக்குள் அடங்கிவிட்டால் அது வியாழனிலிருந்து வந்ததே அல்ல.

இப்போது அடுக்குகளைப் பாருங்கள். முதல் அடுக்கில் இருப்பது, அப்படி ஒரு ஜோடிக்கு 2 முதல் 4 பிக்சல் வரையிலான விவரம். இரண்டாவதில் 4 முதல் 8. மூன்றாவதில் 8 முதல் 16. எல்லைகள் கத்தி வெட்டியது போல இருக்காது, பக்கத்து அடுக்குக்குள் கொஞ்சம் கசியும், ஆனாலும் கணக்குக்கு இது போதும். என் எல்லை 3. அதனால் முதல் அடுக்கில் பாதி முழுக்க நாய்ஸ். மீதிப் பாதியிலும் தொலைநோக்கி வழியே வந்து சேரும் மாறுபாடு மிகக் குறைவு. 4 பிக்சல் ஜோடிக்கே உண்மையான மாறுபாட்டில் 15 சதவீதம்கூட வராது. இரண்டாம் அடுக்கின் நடுவில், அதாவது 6 பிக்சலில், ஏறத்தாழ 40 சதவீதம் வருகிறது. எனக்கு விவரம் இருக்கும் இடம் அதுதான்.

உங்கள் கருவிக்கு விடை வேறாக வரும். f/10 தொலைநோக்கியில் பார்லோ இல்லாமல் இதே கேமராவைப் போட்டால் எல்லை 1.9 பிக்சல். அப்போது முதல் அடுக்கிலும் உண்மையான விவரம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் தூக்கலாம். ஸ்டேக் செய்யும்போதே படத்தைப் பெரிதாக்கும் டிரிசில் வசதியை 1.5 மடங்கு போட்டிருந்தால் என் எல்லை 4.5 ஆகிவிடும், முதல் அடுக்கில் ஒன்றுமே இருக்காது. 3 மடங்கு டிரிசில் என்றால் எல்லை 9 பிக்சல், வேலை மூன்றாம் நான்காம் அடுக்குக்குப் போய்விடும். இன்னொருவர் "நான் மூன்றாவது ஸ்லைடரை 40 வைத்தேன்" என்று சொன்னால், அவர் டிரிசில் போட்டாரா என்று கேட்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## 3. அடுக்குகளைத் தனித்தனியாகக் கண்ணால் பாருங்கள்

கணக்கை நம்பினால் போதாது, கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். இதற்கு ஜிம்ப் போதும், இலவசம். உங்கள் TIFF கோப்பைத் திறந்து `Filters > Enhance > Wavelet-decompose` என்று போங்கள். ஐந்து அடுக்கு கேளுங்கள். வலது பக்கம் Scale 1 முதல் Scale 5 வரையும் Residual என்று ஒன்றும் வரும். கண் குறியை அணைத்து அணைத்து ஒவ்வொன்றாகத் தனியே பாருங்கள். எல்லாம் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், அதில் மெல்லிய தடங்கள். சரியாகத் தெரியவில்லை என்றால் 300 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்.

என் படத்தில் கண்டதைச் சொல்கிறேன். Scale 1-ல் வட்டு இருக்கும் இடம் முழுக்க ஒரே சீரான பொடி. பட்டை எங்கே, இடைவெளி எங்கே என்று அதில் சொல்லவே முடியவில்லை. Scale 2-ல் அதே பொடி கொஞ்சம் இருந்தது, ஆனால் அதற்கு நடுவே வட நிலநடுப் பட்டையின் கீழ் விளிம்பிலிருந்து தொங்கும் நீல இழைகள் இரண்டு மூன்று தெரிந்தன. Scale 3-ல் பட்டைகளின் விளிம்பும், பெருஞ்சிவப்புப் புள்ளியைச் சுற்றிய வளையமும் தெளிவாக இருந்தன. Scale 4, 5 வெறும் பட்டைகள். இதைப் பார்த்த அன்றுதான், இரண்டு மாதமாக நான் அந்த முதல் பொடியைத்தான் பெருக்கிக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது.

உங்கள் Scale 2-லும் Scale 3-லும் பொடியைத் தவிர ஒன்றுமே இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அன்றைய காற்று சரியில்லை, அவ்வளவுதான். அதைக் கூராக்கினால் இல்லாததை வரைந்தது போல ஆகும். அடுத்த இரவுக்குக் காத்திருங்கள். இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு பெரிய கொடுப்பினை உண்டு. 8 பாகை அட்சரேகையில் இருப்பதால் அந்த ஜனவரியில் வியாழன் நமக்கு 75 பாகைக்கு மேல் ஏறியது. இரவு எட்டரை முதல் விடியற்காலை நாலரை வரை 30 பாகைக்குக் கீழே இறங்கவே இல்லை. உச்சிக்கு அருகில் இருக்கும்போது காற்று நிறங்களைப் பிரிக்கும் சிக்கலும் மிகக் குறைவு. 2027 பிப்ரவரி எதிர்நிலையிலும் நமக்கு வியாழன் உச்சிக்கு அருகில்தான் வரும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கான்கிரீட் மாடி பகல் வெயிலை இரவு பத்து மணி வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும், அதற்குப் பிறகு எடுத்தவைதான் எனக்குத் தேறின. முட்டத்தில் பாறைமேல் வைத்துப் பார்த்தேன். கடற்காற்றில் குழாய் ஆடியது, கண்ணாடியில் உப்புப் படலம் படிந்தது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். மரங்கள் சூழ்ந்த ஒரு வீட்டு முற்றம் இவை இரண்டையும்விட மேல்.

## 4. எண்களைப் போடுங்கள்

இதற்கு நான் சிரில் பயன்படுத்துகிறேன். இதுவும் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். ரெஜிஸ்டாக்ஸில் ஸ்லைடரை இழுத்துப் பழகியவர்கள் அதிலேயே செய்யலாம், தத்துவம் ஒன்றுதான். சிரிலில் எண்ணாகத் தட்டுவதால், என்ன செய்தோம் என்று எழுதி வைக்க முடிகிறது. எனக்கு அது பெரிய உதவி. கீழே உள்ள கட்டளைப் பெட்டியில் வரிசையாக இப்படித் தட்டுங்கள்:

```
load viyazhan.tif
wavelet 5 2
wrecons 0.5 3 1.8 1 1
savetif viyazhan_w1
```

இரண்டாவது வரி படத்தைப் பிரிக்கிறது, அதில் 5 என்பது அடுக்குகளின் எண்ணிக்கை, 2 என்பது பிரிக்கும் வகை. மூன்றாவது வரியில் உள்ள எண்கள் முதல் அடுக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் எத்தனை மடங்காக்குவது என்று சொல்கின்றன. 1 என்றால் தொடவில்லை. 1-க்குக் குறைவென்றால் அடக்குகிறோம். கடைசி எண்களை 1 ஆகவே விடுங்கள். அங்கே கை வைத்தால் கூர்மைக்குப் பதிலாக மொத்த வெளிச்சமும் மாறுபாடும்தான் குலையும்.

எண்கள் திருப்தி இல்லை என்றால் `wrecons` வரியை மட்டும் வேறு எண்களோடு மறுபடி தட்டுங்கள். அது முதலில் பிரித்து வைத்த அடுக்குகளிலிருந்தே புதிதாகக் கூட்டித் தரும். மாற்றிய படத்தின் மேலேயே `wavelet` வரியை இன்னொரு முறை ஓட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் 3 மடங்கு 9 ஆகிவிடும்.

சரி, ஏன் 0.5, 3, 1.8? இரண்டாம் அடுக்கில் தொலைநோக்கி ஏறத்தாழ 40 சதவீத மாறுபாட்டைத்தான் கொடுக்கிறது என்று பார்த்தோம். அதை முழுதாக்க இரண்டரை மடங்கு வேண்டும். காற்றும் கொஞ்சம் தின்றிருக்கும், அதனால் 3. மூன்றாம் அடுக்கில் 70 சதவீதம் அளவுக்கு வந்துவிடுகிறது, அங்கே ஒன்றரை மடங்கு, காற்றுக்காக 1.8. ஆக இந்த எண்கள் ருசிக்குப் போட்டவை அல்ல. கருவி எவ்வளவு எடுத்துக்கொண்டதோ அவ்வளவைத் திருப்பிக் கொடுக்கிறோம். 3-க்குப் பதில் 8 போட்டால் வியாழனில் இல்லாத மாறுபாட்டைச் சேர்க்கிறோம் என்று அர்த்தம்.

நாய்ஸ் கணக்கு இதைவிட அழகானது. பிக்சலுக்குப் பிக்சல் தொடர்பில்லாத நாய்ஸ் ஒரு படத்தில் இருந்தால், அதன் அளவை 1 என்று வைத்துக்கொண்டால், சிரிலில் நாம் தேர்ந்தெடுத்த இந்த வகைப் பிரிப்பில் முதல் அடுக்குக்கு 0.89 போய்விடுகிறது. இரண்டாவதுக்கு 0.20, மூன்றாவதுக்கு 0.09 தான். நான் முன்பு செய்தது போல முதல் அடுக்கை மட்டும் 3 மடங்காக்கினால் நாய்ஸ் 2.7 ஆகிறது, விவரம் ஒன்றும் கூடவில்லை. மேலே சொன்ன எண்களைப் போட்டால் முதல் அடுக்கில் 0.45, இரண்டாவதில் 0.6, மூன்றாவதில் 0.15. தனித்தனி நாய்ஸை நேராகக் கூட்டக் கூடாது, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 0.8-க்குள் அடங்குகிறது. விவரத்தை மூன்று மடங்கு தூக்கிய பிறகும் படம் முதலில் இருந்ததைவிடச் சுத்தமாக இருக்கிறது!

ஒரு எச்சரிக்கை. கலர் கேமராவில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது, மற்ற இரண்டும் பக்கத்துப் பிக்சல்களிலிருந்து இட்டு நிரப்பப்படுகின்றன. அதனால் நாய்ஸும் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டு, அதில் ஒரு பங்கு இரண்டாம் அடுக்குக்கு நகர்ந்துவிடும். படம் சொரசொரப்பாக வந்தால் 3-ஐ 2.5 ஆக்குங்கள். முதல் அடுக்கை 0 ஆக்க வேண்டாம். அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று கசிவதால், முதலாவதை முழுக்க எடுத்துவிட்டால் இரண்டாவதின் நுனியும் போய், படம் மெழுகு பூசியது போலாகும். 0.3-க்குக் கீழே நான் போவதில்லை.

நாய்ஸ் அதிகமாக இருந்தால் அதற்கு முதல் மருந்து ஃப்ரேம்தான். நான் 10 மில்லிசெகண்ட் வெளிச்சத்தில் இரண்டு நிமிடத்துக்கு 12,000 ஃப்ரேம் எடுத்து, அதில் சிறந்த 25 சதவீதத்தை, அதாவது 3,000-ஐ, ஸ்டேக் செய்கிறேன். நாய்ஸ் ஃப்ரேம் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்குக் குறையும், அதாவது 55 மடங்கு. 300 ஃப்ரேம் மட்டும் எடுத்தால் 17 மடங்குதான். அந்த ஸ்டேக்கில் 3 என்ற எண் தாங்காது.

## 5. ஓரத்தைப் பாருங்கள்

முதன்முதலில் எனக்குப் பிடித்த மாதிரி வந்த படத்தைக் குளச்சலில் இருக்கும் பெரியப்பா மகனிடம் காட்டினேன். அண்ணன் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஓரத்துல வெள்ளையா கோடு போட்டிருக்கே, நீ வரைஞ்சதாலே?" என்று கேட்டார். நான் நடுவில் இருந்த சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதை அதுவரை கவனிக்கவில்லை. வட்டின் விளிம்பைச் சுற்றி உள்பக்கம் ஒரு வெள்ளை வளையம், வெளிப்பக்கம் வானத்தைவிடக் கறுப்பாக ஒரு வளையம்.

இது வேவ்லெட்டின் பிறவிக் குணம். பிரகாசமான வட்டு சட்டென்று முடிந்து கறுப்பு வானம் தொடங்கும் இடம் ஒரு பெரிய படிக்கட்டு. அடுக்குகளைப் பெருக்கும்போது அந்தப் படியின் மேல் விளிம்பு இன்னும் மேலேயும், கீழ் விளிம்பு இன்னும் கீழேயும் தள்ளப்படுகிறது. உண்மையான வியாழன் ஓரத்தை நெருங்க நெருங்கப் படிப்படியாக மங்கும். ஓரத்தில் வெள்ளைக் கோடு எங்கே தெரிந்தாலும் அது பொய்தான்.

இதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஒரு இடம் இருக்கிறது. படத்தில் கேனிமீட் நிலவு விழுந்திருந்தால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். என் அளவில் அது 7 பிக்சல் அகலமுள்ள ஒரு குட்டி வட்டு. அதைச் சுற்றிக் கறுப்பு வளையம் வந்துவிட்டால் இரண்டாம் அடுக்கு அதிகமாகிவிட்டது. 3-லிருந்து 0.25 அளவாகக் குறைத்துக்கொண்டே வந்து, வளையம் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். நிலவின் நிழல் வியாழன் மேல் விழுந்திருந்தால் அதைச் சுற்றி வெள்ளை வளையம் வருகிறதா என்றும் இதே போலப் பார்க்கலாம்.

கேனிமீட் சுத்தமாக இருந்தும் வியாழனின் விளிம்பில் மட்டும் கோடு மிஞ்சினால், எண்களைக் குறைத்து நடுவில் உள்ள விவரத்தை இழக்க வேண்டியதில்லை. ஜிம்ப்பில் கூராக்காத படத்தைக் கீழேயும் கூராக்கியதை மேலேயும் வையுங்கள். மேலே உள்ளதற்கு ஒரு லேயர் மாஸ்க் போட்டு, 10 பிக்சல் அகல மென்மையான தூரிகையால் விளிம்பைச் சுற்றிக் கறுப்பை மெதுவாகப் பூசுங்கள். ஒளிபுகும் தன்மை 50 சதவீதம் போதும். விளிம்பில் பழைய படத்தின் இயல்பான மங்கல் திரும்பி வரும். ஒரு படத்துக்கு ஐந்து நிமிட வேலை.

## 6. கண்டது உண்மையா என்று சோதியுங்கள்

கூராக்கிய பிறகு படத்தில் புதிதாக ஒரு வெள்ளைப் புள்ளியோ மெல்லிய இழையோ தெரியும். சந்தோஷமாகத்தான் இருக்கும். அதை யாருக்கும் காட்டும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான வழி இல்லை.

வீடியோவை முதல் நிமிடம், இரண்டாம் நிமிடம் என்று இரண்டாகப் பிரித்து, தனித்தனியே ஸ்டேக் செய்யுங்கள். இரண்டுக்கும் அதே `wrecons` வரியை ஒரு எண்கூட மாற்றாமல் கொடுங்கள். ஜிம்ப்பில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, மேல் லேயரின் கண் குறியை அணைத்தும் போட்டும் பாருங்கள். வியாழன் சுழல்வதால் எல்லாம் ஒரு பிக்சல் அளவுக்கு நகரும், அது இயல்பு. பாதி ஃப்ரேம்தான் இருப்பதால் பொடியும் 1.4 மடங்கு கூடுதலாக இருக்கும். ஆனால் உண்மையான இழை இரண்டிலும் அதே இடத்தில் இருக்கும். ஒன்றில் மட்டும் இருப்பது நாய்ஸ்.

நான் இதைச் செய்தபோது தென் பட்டையில் வரிசையாகத் தெரிந்த ஐந்து வெள்ளைப் புள்ளிகளில் மூன்று இரண்டு படத்திலும் இருந்தன. மற்ற இரண்டும் இரண்டாம் படத்தில் வேறு எங்கோ இருந்தன. இரண்டாம் அடுக்கை 3-லிருந்து 2.5-க்கு இறக்கியதும் அந்தப் பொய்யான இரண்டும் மங்கிப் போயின, மூன்றும் நின்றன. எனக்கான எண் 2.5 என்று அன்று தீர்மானமானது.

இந்தச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. விளிம்பு வளையம் போல, கூராக்குவதால் பிறக்கும் பொய்கள் இரண்டு படத்திலும் ஒரே மாதிரிதான் வரும். அதனால் ஐந்தாம் படியை விட்டுவிட்டு இதை மட்டும் செய்தால் போதாது.

## 7. மேக்ரோ எடுப்பவர்களுக்கு

தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூவையோ, வீட்டுத் தோட்டத்து எறும்பையோ நெருக்கமாக எடுப்பவர்களுக்கும் இரண்டாம் படியின் அதே சூத்திரம் பொருந்தும், ஒரு மாற்றத்தோடு. நெருங்கிப் போகப் போக லென்ஸின் f எண் உள்ளுக்குள் கூடிவிடும். பொருளும் சென்சாரில் விழும் படமும் ஒரே அளவாக இருக்கும் 1:1 நெருக்கத்தில், லென்ஸில் குறித்த எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். 4 மைக்ரான் பிக்சல் கேமராவில் f/8 வைத்தால் உண்மையில் f/16, எல்லை 2.2 பிக்சல். முதல் அடுக்கில் விவரம் இருக்கிறது, அதை லேசாகத் தூக்கலாம். ஆழம் வேண்டுமென்று f/16 வைத்தால் அது f/32 ஆகி எல்லை 4.4 பிக்சலுக்குப் போய்விடும். முதல் அடுக்கில் ஒன்றுமில்லை, அங்கே அடக்க மட்டும் செய்யுங்கள். ஒரே லென்ஸ், ஒரே கேமராதான். ஆனால் தொட வேண்டிய அடுக்கு மாறிவிடுகிறது.

## 8. செலவும் நேரமும்

மென்பொருள் எதற்கும் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. செலவு இழுப்பது ஹார்ட் டிஸ்க்தான். 640-க்கு 480 பிக்சல் அளவில் இரண்டு நிமிட வீடியோ ஒன்று சுமார் 3.7 ஜிபி. ஒரு இரவில் பத்து எடுத்தால் 37 ஜிபி. லேப்டாப்பின் உள் டிஸ்க்கை நம்பாமல் வெளியே ஒன்று வாங்கிவிடுங்கள். ஸ்டேக் செய்த TIFF வெறும் 2 எம்பிதான், அதை ஒருபோதும் அழிக்காதீர்கள். வீடியோவை ஆறாம் படி முடிந்த பிறகு மட்டும் அழியுங்கள். நான் ஒரு நல்ல இரவின் வீடியோவை இடம் போதவில்லை என்று மறுநாளே அழித்துவிட்டேன். பிறகு பாதி பாதியாகப் பிரித்துப் பார்க்க வழியில்லாமல், அந்தப் படத்தில் இருந்த ஒரு புள்ளி உண்மையா பொய்யா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நேரத்தைப் பொறுத்தவரை, என் பழைய லேப்டாப்பில் ஒரு வீடியோவை ஸ்டேக் செய்யப் பத்து நிமிடம் ஆகிறது. முதல் தடவை அடுக்குகளைப் பார்த்து எண்களை முடிவு செய்ய ஒரு மாலை முழுக்க ஒதுக்குங்கள். அப்புறம் அதே கருவி, அதே பார்லோ, டிரிசில் இல்லை என்றிருக்கும்வரை அதே எண்களிலிருந்தே தொடங்கலாம், கால் மணி நேரத்தில் ஒரு படம் முடியும். கோப்புப் பெயரிலேயே எண்களையும் எழுதிவிடுங்கள். நான் `viyazhan_05_25_18.tif` என்று வைக்கிறேன். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது எந்த அடுக்கை எவ்வளவு தொட்டோம் என்று அதிலேயே இருக்கும்.